ஆயிரம் ரூபாய் குறைந்த மாதம்

கல்லூரியின் கடைசி ஆண்டில் இருப்பவர்களிடம் பணத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாதத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். உங்கள் பெற்றோர் கடன் என்றால் பயந்தார்கள், நீங்கள் பயப்பட வேண்டாம். முதல் சம்பளம் வந்ததும் ஒரு கிரெடிட் கார்டு எடுங்கள், ஐம்பது நாள் வரை வட்டியில்லாமல் வங்கிப் பணத்தைச் செலவழியுங்கள், கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. பாயின்ட் சேரும், சிபில் ஸ்கோர் ஏறும், நாளை வீட்டுக் கடன் சுலபமாகக் கிடைக்கும். ஒழுக்கம் உள்ளவருக்குக் கடன் ஒரு கருவி; ஒழுக்கம் இல்லாதவர்தான் அதில் மாட்டிக்கொள்வார். கேட்க நியாயமாக இருக்கிறது. சொல்லப்படும் தகவல்களைத் தனித்தனியே எடுத்தால் பெரிய பொய்யும் இல்லை. ஆனாலும் முதல் வேலையில் சேரப்போகிற உங்களுக்கு இந்த முடிவு தவறானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கு ஒழுக்கம் போதாது என்பதல்ல காரணம். ஒழுக்கம் உள்ளவருக்கு வரும் சின்னப் பிசகுக்குக்கூட இந்தக் கடன் வாங்கும் விலை மிகப் பெரியது. அந்தப் பிசகு வருவதற்கு மிகவும் வாய்ப்புள்ள காலம் வேலையின் முதல் வருடம்.

ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்ப்போம். கையில் மாதம் 27,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண் ஜூலை 14 அன்று கார்டில் 20,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பில் ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதி தயாராகும். கட்டக் கடைசி நாள் அதிலிருந்து இருபதாவது நாள். ஜூலை 14இல் வாங்கியது ஆகஸ்ட் 13 பில்லில் வரும். செப்டம்பர் 2க்குள் கட்டினால் போதும். சரியாக ஐம்பது நாள். விளம்பரம் சொன்ன ஐம்பது நாளையும் முழுதாகப் பயன்படுத்தும் கெட்டிக்காரர் இவர். ஆகஸ்ட் சம்பளம் வருகிறது. அதில் எதிர்பாராமல் 1,250 ரூபாய் குறைகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும் தொழில் வரி அது. சென்னை மாநகராட்சியில் இந்தச் சம்பளக்காரருக்கு அவ்வளவு வரும். வேலைக்குச் சேரும்போது யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். வாடகையையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதையும் எடுத்து வைத்தபின் கார்டுக்கு 19,000தான் மிஞ்சுகிறது. கெடு நாளன்று அதைக் கட்டுகிறார். மீதி ஆயிரத்தை அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம், ஆயிரத்துக்கு வட்டி முப்பதோ நாற்பதோ வரும் என்று நினைக்கிறார். அப்படி நினைப்பது இயல்புதான்.

அடுத்த பில்லில் வட்டியும் அதன்மேல் வரியுமாகக் கிட்டத்தட்ட 1,360 ரூபாய் ஏறியிருக்கும். கட்டாமல் விட்டது ஆயிரம். அதற்கான விலை ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலான கார்டுகளின் விதிப்படி, பில்லில் ஒரு பகுதி பாக்கி நின்றாலும் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே ரத்தாகிவிடும். பாக்கி நின்ற ஆயிரத்துக்கு மட்டும் வட்டி போடுவதில்லை; 20,000 முழுவதற்கும், அதுவும் வாங்கிய ஜூலை 14ஆம் தேதியிலிருந்து, பணம் கட்டிய நாள்வரை போடுவார்கள். ஆண்டுக்கு 42 சதவீதம் என்றால் 20,000க்கு ஐம்பது நாள் வட்டி சுமார் 1,150. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 207. இதோடும் முடியவில்லை. பழைய பாக்கி தீரும்வரை, ஆகஸ்ட் 14 முதல் அவர் கார்டைத் தேய்த்த ஒவ்வொரு சிறு செலவுக்கும், மளிகை, ரயில் டிக்கெட், மருந்து எதுவானாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அவர் குறைந்தபட்சத் தொகையைவிட அதிகம் கட்டியிருப்பதால் தாமதக் கட்டணம் இல்லை, கிரெடிட் அறிக்கையிலும் கறை இல்லை. அதனால் எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. பணம் வந்து சேர்ந்தது, நன்றி என்றுதான் செயலி சொல்லும்.

இதில் அந்தப் பெண்ணின் ஒழுக்கக் குறைவு எங்கே இருக்கிறது? பில்லில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைக் கெடு தேதியில் கட்டியவர் அவர். சாதாரணக் கடனில் தொண்ணூற்றைந்து கட்டியவருக்கு அதன்பின் மீதி ஐந்துக்குத்தான் வட்டி கேட்பார்கள். வங்கி இதை மறைக்கவும் இல்லை. வட்டியில்லாக் காலம் எப்போது போகும் என்பதை முக்கிய நிபந்தனைகளில் விளக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டின் கார்டு விதிகளில் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தத் தாள் எல்லாருக்கும் வருகிறது. ஆனால் முழுவதும் கட்டினால் பூஜ்யம், கொஞ்சம் குறைந்தால் முழுவதற்கும் வட்டி என்று செங்குத்தாக விழும் ஒரு ஏற்பாட்டை, "கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும்" என்று அறிமுகப்படுத்துவது நேர்மையல்ல. கொஞ்சம் கவனம் இங்கே போதாது. ஒரு மாதம்கூடப் பிசகாத கவனம் வேண்டும்.

வட்டி வீதத்தையும் நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 42 சதவீதம் என்பதை மாதக் கணக்கில் 3.5 சதவீதம் என்று அச்சிடுவார்கள், ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 4.13. நூற்றுக்கு மாதம் நாலு ரூபாய்க்கு மேல், அதாவது நாலு வட்டிக்குக் கொஞ்சம் கூடுதல். தெருவில் ஒருவர் நாலு வட்டிக்குப் பணம் தருகிறார் என்றால் நம் வீடுகளில் அவரிடம் போகாதே என்பார்கள். அத்தகைய வட்டிக் கொடுமைக்காகவே 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது; மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அது பேசுகிறது. கார்டு வட்டிக்குச் சட்டத்தில் ஒரு உச்சவரம்பு கிடையாது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. வீதத்தை முடிவு செய்வது வங்கியின் உரிமை, அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுவது வாடிக்கையாளரின் பொறுப்பு என்பதுதான் இன்றைய நிலை. வங்கி அடியாள் அனுப்பாது, ரசீது கொடுக்கும், குறை கேட்க அதிகாரி இருப்பார். அந்த வித்தியாசம் பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எண் அதே எண்தான்.

அந்த எண்ணோடு "மினிமம் டியூ" சேரும்போது என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக அது பாக்கியில் ஐந்து சதவீதம். அதே 20,000 ரூபாயைப் பாக்கியாக வைத்து, அதற்குமேல் கார்டைத் தொடாமல், மாதாமாதம் அந்த ஐந்து சதவீதத்தை மட்டும் தவறாமல் கட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 4.13 சதவீதம் ஏறும். ஐந்து சதவீதம் கட்டுவார். உண்மையில் குறைவது ஒரு சதவீதம் அளவுதான். ஒரு வருட முடிவில் அவர் கட்டியிருப்பது சுமார் 11,800 ரூபாய். இன்னும் பாக்கி சுமார் 17,550. பன்னிரண்டு மாதமும் கெடு தப்பாமல் கட்டியவருடைய கதை இது. கிரெடிட் அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே தாமதம் என்று ஒரு பதிவும் இருக்காது. அடுத்த கடன் தர வங்கிகள் அவருக்குத் தாமாகவே செய்தி அனுப்பும்.

சரி, முழுத் தொகையையும் தானாக எடுத்துக்கொள்ளும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். இந்த மறுப்பு வலுவானது. பத்து வருடம் வேலை பார்த்து, மூன்று மாதச் செலவுக்குப் பணம் கணக்கில் கிடக்கும் ஒருவருக்கு என் வாதம் முழுவதும் இந்தப் பதிலோடு விழுந்துவிடும். அவர் கார்டு வைத்துக்கொள்ளட்டும். ஆட்டோ டெபிட் வேலை செய்ய, கெடு நாளன்று கணக்கில் அந்தப் பணம் இருக்க வேண்டும். முதல் வருடத்தில் அதற்கு யார் உத்தரவாதம்? வளாகத் தேர்வில் சொல்லப்படும் நான்கு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 33,000 வரும். அந்த நான்கு லட்சத்துக்குள் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு, ஆண்டு இறுதியில் வந்தாலும் வரலாம் என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அடங்கியிருக்கும். உங்கள் பி.எஃப். பங்கும் கழிந்தபின் கைக்கு வருவது 27,000 பக்கம்தான். மாத நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் பாதி; சம்பளப் பட்டியல் மூடிய பிறகு சேர்ந்தால் அதுவும் அடுத்த மாதம்தான். சென்னையிலோ பெங்களூரிலோ அறை எடுத்தால் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். தேர்வுக் கடிதம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் சேரவிடாமல் காக்கவைத்த தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களை 2022, 2023இல் எல்லாரும் பார்த்தோம். இவற்றில் எதுவும் உங்கள் குணத்தைப் பொறுத்ததல்ல. சேமிப்பு பூஜ்யமாகவும் வருமானம் நிலையில்லாமலும் இருக்கும் ஒரே காலத்தைப் பார்த்து, ஒருமுறையும் தவறக் கூடாத ஒரு கடனைத் தொடங்கச் சொல்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம்.

ஸ்கோர் வாதத்துக்கு வருகிறேன். உங்களை அதிகம் அசைப்பது இதுதான். கடன் வாங்காவிட்டால் சிபிலில் உங்கள் பெயரே இருக்காது, பெயர் இல்லாதவருக்கு வங்கி கடன் தராது என்கிறார்கள். முதலில், முன்பு கடன் வாங்கிய வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் கடன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது; கடனுக்கு இவ்வளவு ஸ்கோர் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி குறைந்தபட்ச அளவு எதையும் வகுக்கவில்லை என்பதை நிதித்துறை இணையமைச்சர் அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் தெளிவாக்கினார். வங்கி உங்கள் வருமானத்தையும் வேலையையும் பார்க்கும், பார்க்கத்தான் வேண்டும். வரலாறு இல்லாமை ஒரு வெற்றிடம் மட்டுமே. கெட்ட வரலாறு அப்படியல்ல. கிரெடிட் அறிக்கையில் கடந்த 36 மாதங்களுக்கு, மாதவாரியாக, எத்தனை நாள் தாமதம் என்று எழுதியிருக்கும். ஒரு தவணை முப்பது நாள் தள்ளிப்போனால் அந்தப் பதிவு மூன்று வருடம் உங்களோடு வரும்.

இத்தகைய பதிவு வேலையையே பறிக்கலாம். பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி பணிக்குத் தேர்வாகி, நியமன ஆணையும் பெற்ற ஒருவருடைய நியமனம், முந்தைய கடன்களில் தவறிய பதிவுகள் இருந்ததால் ரத்தானது. அந்த ரத்து சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்கள் உங்களில் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அந்த வங்கியின் நிபந்தனை, கடனையோ கார்டு பாக்கியையோ கட்டத் தவறிய பதிவு உள்ளவர்கள் தகுதியற்றவர்கள் என்பதுதான். எதிர்காலத்துக்காக ஸ்கோர் சேர்க்கச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

இன்னொரு விஷயம் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. உங்களில் பலருக்கு ஏற்கெனவே கிரெடிட் வரலாறு இருக்கிறது; கல்விக் கடன். நீங்கள் கல்லூரியின் முதல் வருடத்தில் அப்பாவோடோ அம்மாவோடோ சேர்ந்து கையெழுத்திட்ட அந்தக் கடன், உங்கள் பெயரிலும் அவர்கள் பெயரிலும் பதிவாகியிருக்கும். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் கழிந்து தவணை தொடங்கும். நான்கு லட்சம், பத்து சதவீதம், பத்து வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 5,290. இடைக்கால வட்டி அசலில் சேர்ந்திருந்தால் இன்னும் கூடும். 27,000இல் ஐந்தில் ஒரு பங்கு. வேலையின் முதல் வருடத்தில் இது வெளியே போகாததால் சம்பளம் தாராளமாகத் தெரியும். அந்தத் தாராளத்தை நம்பிக் கார்டிலும் தவணைகளிலும் கட்டுப்பட்டவர்கள் இரண்டாம் வருடத் தொடக்கத்தில் மூச்சு முட்டுவார்கள். அப்போது விழும் தாமதப் பதிவு பெற்றோர் அறிக்கையிலும் விழும். ஸ்கோர் வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி எதுவும் தேவையில்லை. கல்விக் கடன் தவணையை ஒழுங்காகக் கட்டினாலே அது வளரும். கல்விக் கடனே இல்லாதவர், வீட்டுக் கடன் வாங்க நினைக்கும் காலத்துக்கு ஒன்றிரண்டு வருடம் முன்பு, ஒரு சிறிய வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கார்டு வாங்கிக்கொள்ளலாம். பல வங்கிகள் தருகின்றன. இருபத்திரண்டு வயதில் அவசரப்பட ஒன்றுமில்லை.

"நோ காஸ்ட் இஎம்ஐ" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. 36,000 ரூபாய் போனை மாதம் 3,000 வீதம் பன்னிரண்டு தவணையில் வாங்கினால், 16 சதவீத வட்டியில் வங்கி கொடுக்கும் அசல் சுமார் 33,065. மீதி 2,935தான் வட்டி, அதைக் கடைக்காரர் தள்ளுபடி என்ற பெயரில் ஏற்கிறார். அந்த வட்டியின் மீதான ஜி.எஸ்.டி. 528ம், செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதுவும் அதன் வரியும் உங்களுடையவை. மொத்தம் 760 ரூபாய் பக்கம். தொகை சிறியதுதான், வேலைக்கு மடிக்கணினி இல்லாமல் முடியாது என்பவர் அதைத் தெரிந்தே கொடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அடுத்த பன்னிரண்டு மாதமும் சம்பளத்தில் 3,000 ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது, அது கார்டு பில்லில்தான் வரும், அதில் குறைந்தால் மேலே சொன்ன நாலு வட்டிக் கணக்குதான் தொடங்கும்.

கடைசியாக அவசரத் தேவை. அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி, மருத்துவமனை ஐம்பதாயிரம் கட்டச் சொல்கிறது. கார்டு இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நடுத்தரக் குடும்பத்தின் உண்மையான பயம் அது. அந்த இரவுக்குக் கார்டு உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது நாளில் அந்த ஐம்பதாயிரத்தை 27,000 சம்பளக்காரர் திருப்பிக் கட்ட முடியாது. இப்படிப்பட்ட மருத்துவச் செலவு ஒருவரை எளிதாக மினிமம் டியூவுக்குள் தள்ளிவிடும். கார்டில் ரொக்கம் எடுத்தால் இன்னும் மோசம்: வட்டியில்லாக் காலமே இல்லை, எடுத்த நாளிலிருந்து வட்டி, அதோடு வழக்கமாக இரண்டரை சதவீதக் கட்டணம். கார்டில் கட்டிவிட்டால்கூட மறுநாளே வீட்டு நகையை வங்கியில் வைத்துக் கார்டு பாக்கியை முழுதாக அடைப்பதே அறிவு. நகைக் கடனுக்கு வங்கியில் ஒரு வட்டிக்கும் குறைவாகத்தான் ஆகும். கார்டு வட்டியில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அடகு வைப்பது கௌரவக் குறைச்சல், கார்டு தேய்ப்பது நாகரிகம் என்ற எண்ணத்துக்காக மூன்று மடங்குக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கான முதல் ஏற்பாடு, முதல் ஆறு மாதத்தில் ஒதுக்கிவைக்கும் ஒரு மாதச் சம்பளம். வேலையில் கிடைக்கும் குழுக் காப்பீட்டில் பெற்றோர் பெயரைச் சேர்க்க முடியுமா என்று சேரும் வாரத்திலேயே மனிதவளப் பிரிவில் கேட்டுவிடுவது இரண்டாவது.

சம்பளக் கணக்கு தொடங்கும் நாளில் ஒரு கட்டுப் படிவங்களில் கையெழுத்துக் கேட்பார்கள். கார்டு விண்ணப்பமும் அதில் இருக்கும். இது கணக்கோடு வருவது என்பார்கள். கணக்குக்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை. கேட்காதவருக்குக் கார்டு தரக் கூடாது, கேட்காமல் வரம்பை உயர்த்தவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளை மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படியும் தபாலில் வந்துவிட்டால் செயல்படுத்தாமல் விடுங்கள். முப்பது நாள் கழிந்தால் வங்கி உங்கள் ஒப்புதலை ஓடிபி வழியாகக் கேட்க வேண்டும். நீங்கள் தராவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் கட்டணம் ஏதும் இல்லாமல் அதை மூடியாக வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டவர், பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லி எழுதினாலும் அதே ஏழு நாள்தான் கெடு; அதற்குமேல் தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.